874 யூரோ 70 சதம்

2024 டிசம்பர் முதல் கிழமை, லா சப்பலில் ரூ கையிலில் இருக்கிற ஒரு தேநீர்க்கடையில் நின்று, என்னை விடப் பதினைந்து வயது மூத்த ஒரு மனிதரைக் கள்ளன் என்று சொன்னேன். அவர் அங்கே இருக்கவில்லை. “874 யூரோவை அமத்தப் பாக்கிறார்” என்றுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் இன்னொரு மொத்த வியாபாரி. அதே மனிதருக்கு அவரும் கடனுக்குச் சாமான் கொடுக்கிறவர். அந்தத் தொகையில் ஒரு வரியைக்கூட நான் அதுவரை அவருடைய கணக்கோடு ஒத்துப்பார்க்கவில்லை. நான் செய்த பிழை இதுதான். மிச்சமெல்லாம் அது எப்படி நடந்தது என்பதும், பிறகு நான் என்ன கண்டேன் என்பதும்.

நான் செவ்ரானில் இருக்கிறேன். வேலை, மரக்கறியும் பலசரக்கும் மொத்தமாக விற்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கெழுதுவது. சாரதி விடியக் காலமை வானில் சாமான் ஏற்றிக்கொண்டு லா சப்பல் கடைகளுக்குப் போவார். ஒவ்வொரு கடையிலும் இறக்கின சாமானுக்கு ஒரு டெலிவரிச் சீட்டு எழுதுவார். மேல் பிரதி கடைக்கு, அடியில் உள்ள கார்பன் பிரதி எங்களுக்கு. மாத முடிவில் அந்தச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து நான் ஒரே பக்துர் அடிப்பேன். ஒரே மாதத்தில் பல தடவை இறக்கின சாமானுக்கு இப்படி ஒரு தொகுப்புப் பக்துர் போடப் பிரெஞ்சுச் சட்டம் விடுகிறது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு மாதத்துப் பிழைகள் முழுவதும் ஒரே தாளில் வந்து குவிவதும் அதனால்தான்.

அந்தக் கடைக்கு நவம்பர் மாதப் பக்துரில் 14 சீட்டுகள், 112 வரிகள். கூட்டுத்தொகை 6,939.70 யூரோ. நான்கு நாள் கழித்துக் கடைக்கார அண்ணை தன்னுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அடியில் கோடு கீறி 6,065.00 என்று எழுதியிருந்தது. “தம்பி, என்ர கணக்கில இவ்வளவுதான் வருது. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, செக் எழுதுறன்” என்று ஒரு வரி.

ஒருக்காப் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தது ஒரு எண்ணிலிருந்து மற்ற எண்ணைக் கழித்தால் என்ன வரும் என்பதை மட்டும். 874.70 வந்தது. எட்டில் ஒரு பங்கு தொகையை ஒரு மனிதர் சும்மா வெட்டிவிட்டார் என்று முடிவெடுக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அன்று பின்னேரமே நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். பணம் பிந்தினால் தாமத வட்டியோடு, அறவிடும் செலவுக்கென்று சட்டம் வைத்திருக்கிற 40 யூரோவும் சேரும் என்று அதில் எழுதினேன். அந்த 40 யூரோ விதி உண்மையானது. வியாபாரிகளுக்கு இடையிலான கடனுக்கு 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாயமான கேள்வியோடு நின்ற ஒருவரை வெருட்ட அதை எடுத்தேன்.

நேரமில்லாமல் விட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த நாள் பக்துரையும் என்னிடம் இருந்த சீட்டுகளையும் எடுத்துப் பத்து நிமிடம் புரட்டினேன். 8ஆம் திகதிச் சீட்டில் வெண்டிக்காய் 12 பெட்டி என்று சாரதி எழுதியிருந்தார். நான் பக்துரில் 21 என்று அடித்திருந்தேன். பெட்டி 11.50 யூரோ, 9 பெட்டி கூட, 103.50 யூரோ என்னுடைய பிழை. அதைக் கண்டேன். கண்டும் அவருக்குச் சொல்லவில்லை. சாரதியிடம் வேறு ஏதோ கேட்கப்போனபோது, 19ஆம் திகதி அந்தக் கடையில் வானில் மிச்சமிருந்த தேங்காய்ப்பால் மூன்று பெட்டியை இறக்கியதாகவும், எங்களுடைய பிரதியைக் கிழித்து எடுத்த பிறகுதான் அதைச் சீட்டில் எழுதியதாகவும் அவர் சொன்னார். பெட்டி 28 யூரோ, மூன்றுக்கும் 84. அது என் பக்துரில் இல்லை. நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்: 103.50 நாங்கள் கூடப் போட்டது, 84 நாங்கள் விட்டது, கிட்டத்தட்டச் சரிக்குச் சரி, 19.50தான் வித்தியாசம், 874ஓடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.

கணக்கெழுதுகிறவன் செய்யவே கூடாத வேலை இது என்று எனக்கு அன்றே தெரியும். எதிரெதிர்த் திசையில் நிற்கிற இரண்டு பிழைகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் இரண்டும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஒன்றுக்கு நான் பணம் குறைத்து ‘அவுவார்’, அதாவது வரவுச்சீட்டு, கொடுக்க வேண்டும். மற்றதற்கு மேலதிகப் பக்துர் போட வேண்டும். ஒன்று வெண்டிக்காய், மற்றது தேங்காய்ப்பால். நாளும் வேறு, சீட்டும் வேறு. சேர்த்து மறைத்தால் களஞ்சியக் கணக்கில் ஒன்பது பெட்டி வெண்டிக்காயும் மூன்று பெட்டி தேங்காய்ப்பாலும் என்றைக்கும் பொருந்தாமல் நிற்கும். இன்னொன்றும் உண்டு. பக்துரில் போட்ட தேவேஆ வரியை, அந்தச் சாமான் விற்கப்படாவிட்டாலும் அரசுக்குக் கட்டத்தான் வேண்டும். பக்துரில் எழுதினாலே அந்த வரி கடனாகிவிடும் என்பது இங்குள்ள வரிச்சட்டம். அவுவார் கொடுத்து அதைத் திருத்தலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன். அதற்கு அடுத்த நாள்தான் அந்தத் தேநீர்க்கடையில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னேன்.

என்னை உட்கார வைத்தது என் மனச்சாட்சி என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. கடைக்கார அண்ணை என் முதலாளியைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீ போய் அவரோட இருந்து ஒவ்வொரு வரியாப் பாத்திட்டு வா. அதுக்குப் பிறகு என்னோட கதை” என்றார். முதலில் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். எட்டுப் பக்கமும் வந்தன. முதல் பக்கத்தின் தலைப்பிலேயே அவர் எழுதியிருந்தார்: ‘ஓர் தக்ஸ்’. வரிக்கு முந்தின விலை.

சாரதி எழுதுகிற சீட்டுகளில் வரி இருக்காது. அண்ணை சீட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறவர், ஆகவே அவருடைய 6,065.00 முழுவதும் வரிக்கு முந்தின தொகை. என்னுடைய 6,939.70 வரியோடு சேர்ந்த தொகை. என் பக்துரிலேயே பிரித்து எழுதியிருந்தது: உணவுச் சாமான் 6,140.00, அதற்கு 5.5 வீதப்படி வரி 337.70; ஊதுபத்தி, கற்பூரம், டொபி 385.00, அதற்கு 20 வீதப்படி 77.00. வரி மொத்தம் 414.70. நான் வெட்டினார் வெட்டினார் என்று சொன்ன 874.70இல் கிட்டத்தட்டப் பாதி, இரண்டு பேரும் இரண்டு அடிப்படையில் எழுதியதால் வந்தது. பக்துர் அடித்தவன் நான்; வரிக்கு முந்தின என் தொகை 6,525.00 என்பது அதே தாளில் நான்கு வரி மேலே இருந்தது. அதை அவருடைய தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே 460.00 என்று வந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டு கணக்கையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவருவது. வரிக்கு முன் என்றால் இரண்டும் வரிக்கு முன். நவம்பர் என்றால் இரண்டும் நவம்பர். ஒருவர் பெட்டியிலும் மற்றவர் கிலோவிலும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் வரிக்கு வரி பார்க்கத் தொடங்கினால் எல்லா வரியும் பிழையாகவே தெரியும். பார்க்கிறவனுக்கு அலுப்பு வரும், அதற்குப் பிறகு கோபம் வரும்.

அன்றிரவு செவ்ரான் வீட்டில் இருந்து, கொப்பியில் இருந்ததை ஒவ்வொரு வரியாகக் கணினியில் அடித்தேன். என் வரிகள் ஒரு பக்கம், அவருடைய வரிகள் மறு பக்கம். பிறகு சோம்பேறித்தனமாக ஒரு குறுக்குவழி எடுத்தேன். என் தொகை ஒவ்வொன்றும் அவருடைய நிரலில் இருக்கிறதா என்று தேட எக்செலுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தேன்:

```
=RECHERCHEV(D2;H:I;2;FAUX)
```

நிறைய வரிகள் பொருந்தின. மிச்சமானவற்றைக் கூட்டினால் 402.50 வந்தது. வர வேண்டியது 460.00. மிச்சம் நிற்கிற வரிகளின் கூட்டுத்தொகை, மொத்த வித்தியாசத்துக்குச் சதம் பிசகாமல் சமனாக வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ பொருந்தாத ஒன்றைப் பொருத்திவிட்டோம் என்று அர்த்தம். எனக்கு 57.50 குறைந்தது. அது வெண்டிக்காய் ஐந்து பெட்டியின் விலை. அந்தக் கடை ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஐந்து பெட்டி வெண்டிக்காய் வாங்கியிருந்தது, 22ஆம் திகதியும் 30ஆம் திகதியும். அவருடைய நவம்பர்க் கொப்பியில் 22ஆம் திகதியது மட்டும் இருந்தது. அந்தச் சூத்திரம் முதலில் கண்ட 57.50ஐ எடுத்து என்னுடைய இரண்டு வரிக்கும் அதே ஒன்றையே காட்டியிருக்கிறது. அவருடைய ஒரு வரியை என்னுடைய இரண்டு வரி பங்குபோட்டுக்கொண்டன.

தொகையை வைத்துப் பொருத்தக் கூடாது. சீட்டு இலக்கத்தை வைத்துப் பொருத்தி, அந்தச் சீட்டுக்குள் சாமானை வைத்துப் பொருத்தி, அதற்குப் பிறகுதான் அளவையும் விலையையும் பார்க்க வேண்டும். ஒரு வரி பொருந்தினால் இரண்டு பக்கத்திலும் அதை அடித்துவிட வேண்டும். இன்னொரு வரி அதைத் திரும்ப எடுக்க முடியாதபடி. அண்ணை ஒவ்வொரு நாளுக்கும் சீட்டு இலக்கத்தின் கடைசி மூன்று எண்ணைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். கணக்குப் படித்த என்னை விட, படிக்காத அவருடைய கொப்பி ஒத்துப்பார்ப்பதற்கு ஏற்றபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலமை செவ்ரான்-போதோத்தில் ஆர்.இ.ஆர். ‘பி’ ஏறி கார் து நோர் நிலையத்தில் இறங்கி, கடைக்கு நடந்தேன். லா சப்பல் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும். கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிறிய மேசை. அண்ணை கொப்பியைத் திறந்து வைத்து, சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு மாதத்துச் சீட்டும் ஒரு ரப்பர் வளையத்தில். எனக்குத் தேத்தண்ணி தந்தார். நான் எழுதிய கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நான் வாசித்தேன், அவர் கொப்பியில் பென்சிலால் சரி போட்டார். சீட்டு இலக்கம், சாமான், அளவு, விலை. சில இடங்களில் என்னுடைய ஒரு வரி அவரிடம் இரண்டு வரியாக இருந்தது. முருங்கைக்காய் 10 கிலோ என்று நான் அடித்ததை, இரண்டு பெட்டியாக வந்ததென்று அவர் ஐந்து ஐந்தாக எழுதியிருந்தார். அதெல்லாம் வித்தியாசமல்ல, எழுதும் முறை. சேர்த்துப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டு போனோம். ஒன்றரை மணித்தியாலத்தில் என்னுடைய 112 வரிகளில் 102 வரி அடிபட்டுப் போயின. பத்து வரி நின்றன. அவருடைய பக்கத்தில், என்னிடம் இல்லாத ஒரே ஒரு வரி நின்றது.

அந்தப் பத்தில் ஆறு வரி 30ஆம் திகதிச் சீட்டில் இருந்தவை, 318.00 யூரோ. 30 சனிக்கிழமை. சாரதி பின்னேரம் பிந்தித்தான் போயிருக்கிறார். அதற்கு முதலே அண்ணை நவம்பருக்குக் கோடு கீறிவிட்டார், சாமானை டிசம்பர்ப் பக்கத்தில் எழுதினார். ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விட நான் தயாராக இருந்தேன். அவர் விடவில்லை. பக்கத்தைத் திருப்பி, டிசம்பர் முதல் வரியைக் காட்டி, அந்த ஆறு சாமானையும் ஒவ்வொன்றாக என்னைக் கொண்டு வாசிப்பித்தார். மாதம் மாறி விழுந்தது என்று சொல்லப்படுகிற ஒரு தொகையை மற்ற மாதத்தில் கண்ணால் காணும்வரை வித்தியாசம் என்றே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுப்போன சாமானும் அதே பெயரில் ஒளிந்துகொள்ளும். கண்டோம், அடித்தோம்.

அடுத்தது கீரை ஆறு பெட்டி, 54.00 யூரோ, 14ஆம் திகதி. அவருடைய கொப்பியில் அது இல்லவே இல்லை. “வாடிப்போச்சு தம்பி, அண்டைக்கே திருப்பி விட்டனான்” என்றார். அவருடைய பிரதியில் சாரதியின் கையெழுத்தில் ‘6 கீரை திரும்ப’ என்று இருந்தது. அதே வரி என்னிடம் இருந்த பிரதியிலும் இருந்தது. சாரதி என் மேசையில் அதைத் தனியாக வைத்து, “இதுக்கு அவுவார் போட வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு ஞாபகம் இருந்தது. நான் லாச்சிக்குள் வைத்தேன். மாத முடிவில் கணினி எடுத்துத் தந்தபடி பக்துரை அடித்து அனுப்பினேன். அந்தச் சீட்டு லாச்சிக்குள்ளேயே கிடந்தது. மற்றதெல்லாம் கவனப்பிசகு என்று சொல்லலாம். இது அப்படியல்ல. எனக்குத் தெரிந்த ஒன்றை, பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்துவிட்டு, அந்தத் தொகைக்கும் சேர்த்து அவரைக் கள்ளன் என்றேன்.

வெண்டிக்காயை நான் முந்திக்கொண்டு சொன்னேன். முந்திய கிழமையே கண்டது என்பதையும் சொன்னேன். அது மட்டும்தான் அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் பிரிபடும். 21க்கும் 12க்கும் இடையில் ஒன்பது. கணக்காளர்கள் காலங்காலமாகக் கையாளுகிற அடையாளம் அது. ஆனால் ஒன்பதால் பிரிபடுகிற எல்லாமே இடமாற்றமல்ல. சீட்டை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

பிறகு அவருடைய பக்கத்தில் தனியாக நின்ற அந்த ஒரு வரி. தேங்காய்ப்பால் மூன்று பெட்டி, 84.00. அவருடைய கொப்பியில், அவருடைய கையால், அவர் எங்களுக்குத் தர வேண்டியதாக எழுதியிருந்தது. என் பக்துரில் அது இல்லை என்று பக்துர் கிடைத்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதாமல் விட்டிருந்தால் எங்களுடைய தாளை வைத்து யாரும் கேட்டிருக்க முடியாது; எங்களுடைய பிரதியில் அது பதியவே இல்லை.

“இது எங்கட பில்லில இல்லையே அண்ணை” என்றேன்.

“வந்தது தம்பி. வந்ததை எழுதாமல் விடுறதோ?” என்றார், கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

874 யூரோவை அமத்துகிறார் என்று நான் சொன்ன மனிதர், நான் கேட்காத 84 யூரோவைத் தன் கணக்கில் தானே ஏற்றி வைத்திருந்தார். அந்தக் கூட்டுத்தொகைக்குள் அதுவும் இருந்தது. நான் கழித்துப் பார்த்த எண்ணில் அவருடைய நேர்மை என் பக்கத்துப் பிழைகளைக் குறைத்துக் காட்டிக்கொண்டு உள்ளே மறைந்திருந்திருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு அது ஒருநாளும் தெரிய வராது. எனக்கு அந்த மேசையில் அதற்கு மேல் வாசிக்கக் குரல் வரவில்லை. தண்ணி குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

இரண்டு வரி மிஞ்சின. பச்சை மிளகாய் 24 கிலோ: நான் கிலோ 5.50 என்று போட்டேன், அவர் 4.25 என்று எழுதியிருந்தார், 30.00 யூரோ. அரிசி, 20 கிலோ மூட்டை: நான் பத்து, அவர் ஒன்பது; ஒரு மூட்டை 38.50 யூரோ. இரண்டும் சேர்ந்து 68.50. மேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். 318.00, 54.00, 103.50, 30.00, 38.50; அதிலிருந்து 84.00 கழித்தால் 460.00. பொருந்தியது. உண்மையாகவே கதைத்துத் தீர்க்க வேண்டிய வித்தியாசம் 68 யூரோ 50 சதம் மட்டும்.

இதில் இரண்டும் வேறு வேறு விதமானவை. விலையில் வருகிற பிணக்கை யாரோ ஒருவர் சொன்ன வாக்கை வைத்துத்தான் தீர்க்கலாம். அண்ணை தன் தொலைபேசியில் என் முதலாளி நவம்பர் 20ஆம் திகதி அனுப்பிய குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். அந்தக் கிழமை மிளகாய் 4.25க்குப் போடுவதாக முதலாளியின் குரலே சொன்னது. சீட்டு 21ஆம் திகதி. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நான் விலைப்பட்டியலில் இருந்த விலையை அடித்தேன். அது எங்கள் பக்கம். இனி விலை மாற்றினால் எனக்கும் ஒரு வரி அனுப்ப வேண்டும் என்று முதலாளியிடம் அன்றே கேட்டுக்கொண்டேன்.

அளவில் வருகிற பிணக்குக்குச் சாட்சி சீட்டு. அதில் பத்து மூட்டை என்று இருந்தது. கீழே அவருடைய மகனின் கையெழுத்து, எந்தக் குறிப்பும் இல்லாமல். ஒன்பதுதான் வந்தது என்று அண்ணை இன்றைக்கும் சொல்கிறார். அன்று வானில் மூட்டை மிஞ்சவில்லை என்று சாரதி சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. வேறொரு கடையில் ஒன்று கூட இறங்கியிருக்கலாம்; அதைக் கண்டுபிடிக்க அன்றைய எல்லாக் கடைச் சீட்டையும் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. இந்த வேலை கொண்டுபோய் விடுகிற கடைசி இடம் இதுதான். தாள் எங்கே முடிகிறதோ அங்கே அது நிற்கும், அதற்கு அப்பால் ஒன்றையும் காட்டாது. “கையெழுத்து எங்கட. நான் தாறன்” என்று அண்ணை அந்த 38.50ஐ ஏற்றுக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது என்னுடைய பணமல்ல. ஆனாலும் அந்த நேரம் எனக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காகித வேலை. அனுப்பிவிட்ட பக்துரை அழித்துத் திருப்பி அடிக்க முடியாது, அது அப்படியே இருக்க வேண்டும். பழைய பக்துரின் இலக்கத்தைக் குறிப்பிட்டு வெண்டிக்காய், கீரை, மிளகாய் மூன்றுக்கும் 187.50 யூரோவுக்கு ஒரு அவுவார், வரியோடு 197.81. தேங்காய்ப்பாலுக்குத் தனியாக ஒரு பக்துர், 84.00, வரியோடு 88.62. இரண்டையும் சேர்த்தால் அவர் தர வேண்டியது 6,830.51. அதற்கு அடுத்த நாள் செக் வந்தது, சதம் பிசகாமல். அவருடைய கணக்கில் பக்துர், அவுவார், மேலதிகப் பக்துர், செக் நான்குக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்து மூடினேன். ‘லெத்ராஜ்’ என்று இங்கே சொல்கிற வேலை அது. ஒரே எழுத்து விழுந்தவை தீர்ந்தவை. எழுத்து விழாமல் நிற்பவைதான் உண்மையான பாக்கி. நவம்பரில் ஒன்றும் நிற்கவில்லை.

நான் கேட்ட 6,939.70க்கும் வந்த 6,830.51க்கும் இடையில் 109.19. அவ்வளவும் நாங்கள் கூடக் கேட்டது. அவர் எங்களுக்குக் குறைத்தது ஒரு சதமும் இல்லை.

கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன், முதலாளியின் கையெழுத்தோடு. தேநீர்க்கடையில் சொன்னதை அண்ணையிடம் நேரே போய்ச் சொன்னேன். அவருக்கு முதலே தெரிந்திருந்தது. அந்த மொத்த வியாபாரி நான் கதைத்த அடுத்த கிழமையிலிருந்து அவருக்குக் கடனுக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். இறக்கும்போதே கையில் காசு. தைப்பொங்கலுக்கு முன், கரும்பும் மண்பானையும் இறக்கிக் கடையை நிரப்ப வேண்டிய நேரத்தில், அந்தக் காசை எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

நான் அந்த வியாபாரியைத் தேடிப் போனேன். ஒத்துப்பார்த்த தாளையும் கொண்டுபோனேன். பிழை முழுவதும் என்னுடையது என்று சொன்னேன், வெண்டிக்காயைக் கண்டும் மறைத்ததையும் சொன்னேன். அவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார், திருப்பித் தந்தார். “சரி தம்பி, பாப்பம்” என்றார். இப்போதும் அந்தக் கடைக்கு அவர் காசுக்குத்தான் கொடுக்கிறார்.

மாதத்தில் ஒருநாள் நான் இப்போதும் அந்தப் பின்னறைக்குப் போகிறேன். பக்துரை அடிப்பதற்கு முதல். கொப்பியையும் சீட்டையும் வைத்து, இரண்டு பேரும் பென்சிலால் சரி போட்டு முடித்த பிறகுதான் அடிக்கிறேன். அண்ணை அதே மாதிரித் தேத்தண்ணி தருகிறார். முந்தி “தம்பி” என்று கூப்பிட்டவர், அந்த டிசம்பருக்குப் பிறகு ஏனோ “கணக்காளர்” என்று கூப்பிடுகிறார்.